கலப்பின நெல் விதைத் தூய்மைச் சோதனையில் ஒற்றைப் பட்டை: விளக்கம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். செய்முறைத் தேர்வுக்காகக் கலப்பின நெல்லின் 20 நாற்றுகளிலிருந்து சிடிஏபி முறையில் டிஎன்ஏவைத் தனித்தனியே பிரித்து, பெற்றோரை வேறுபடுத்தும் ஓர் எஸ்எஸ்ஆர் குறியீட்டைக் கொண்டு பிசிஆர் செய்தேன். உண்மையான கலப்பினத்தில் தாய், தந்தை இருவரின் பட்டைகளும் சேர்ந்தே தெரிய வேண்டும். 15 நாற்றுகளில் அப்படியே தெரிந்தன.

மூன்றில் பட்டையே வரவில்லை. அவற்றின் 260/230 விகிதம் 1-க்கும் கீழே இருந்ததால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மீண்டும் செய்தேன். இரு பட்டைகளும் வந்தன. ஆகவே டிஎன்ஏவுடன் தங்கிய மாசுகளே நொதியைத் தடுத்தன எனக் கருதுகிறேன்.

எஞ்சிய இரண்டில் தாயின் பட்டை மட்டுமே வந்தது, நீர்த்த பிறகும் மாறவில்லை. தாய் வரிசையின் விதை கலந்துவிட்டதா, அல்லது தந்தையின் நீளமான துண்டு மட்டும் பெருகத் தவறியதா என்பதை, பெற்றோர் டிஎன்ஏவைச் சம அளவில் கலந்த கட்டுப்பாட்டு மாதிரி ஒன்றைக் கொண்டே உறுதிசெய்ய முடியுமா? வேறொரு குரோமோசோமிலுள்ள இரண்டாவது குறியீடும் கட்டாயம் தேவையா? அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள்.