கேரோசலைப் பேப்பரில் வரைந்து பார்க்கிறவங்க, எப்படிச் செய்யறீங்க?

தக்கலை: மட்டிப்பழம் விற்க இன்ஸ்டாகிராமில் ஏழு ஸ்லைடு கேரோசல், அதாவது ஒரே பதிவில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற படங்கள். கேன்வாவைத் திறக்குமுன் தாளில் எப்படி வரையணும்?

நாகர்கோவில்: ஏ4 தாளைக் குறுக்கே வைங்க. 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரத்தில் ஏழு கட்டம், இடைவெளி விடாம. மொத்தம் 28 செ.மீ., ஒரே வரிசையில் அடங்கிடும். 1080×1350 பிக்சல் ஸ்லைடுக்கும் இதே விகிதம்தான். பென்சில் வேண்டாம், தடிச்ச ஸ்கெட்ச் பேனா எடுங்க. கட்டத்துக்குள் ஆறேழு சொல்தான் கொள்ளும். அதுக்கு மேல இடிச்சா அந்த ஸ்லைடில் ரெண்டு விஷயம் இருக்குன்னு அர்த்தம். "புவிசார் குறியீடு" மாதிரி நீளமான சொல் எங்கே உடையுதுன்னும் அப்பவே தெரிஞ்சிடும்.

உங்க பழத்துக்கு: 1 "இத்தனூண்டு பழத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு?" 2 விரலுக்குப் பக்கத்தில் ஒரு பழம். 3, 4 ரெண்டு கட்டத்திலும் நீளும் குலை. 5 "2023இல் புவிசார் குறியீடு". 6 வீட்டில் வைக்கும் முறை. 7 ஆர்டர்.

குளச்சல்: பத்து ஸ்லைடுதான் உச்சம். முதல் கட்டத்தைச் சதுரமா வரைஞ்சுட்டு மத்ததை உயரமா வச்சா எடுப்பா இருக்கும்.

நாகர்கோவில்: பத்துங்கிறது பழைய கணக்கு, இப்ப இருபது. சதுரம் வேண்டாம் மக்கா. முதல் ஸ்லைடின் விகிதம்தான் எல்லாத்துக்கும். மத்ததெல்லாம் மேலயும் கீழயும் வெட்டுப்படும். அடியில் எழுதின விலைதான் முதல்ல போகும்.

மார்த்தாண்டம்: எங்க கடை வெப்சைட் முகப்பில் படங்கள் தானா நகருது. அதுக்கும் இதே வரிசை போதுமா?

நாகர்கோவில்: அது வேற அண்ணாச்சி. அங்கே ஆள் எந்தப் படத்தில் வந்து நிப்பாருன்னு சொல்ல முடியாது. ஒவ்வொண்ணும் தனியாப் புரியணும்.

தோவாளை: குலை 3க்கும் 4க்கும் நடுவில் வெட்டுப்படுமே, அதை எப்படிச் சோதிக்கிறது?

நாகர்கோவில்: வரிசையை நீளப் பட்டையா வெட்டிக்கோங்க. பழைய காலண்டர் அட்டையில் 4×5 ஜன்னல் அறுத்து, பட்டையைப் பின்னால் வச்சு இழுங்க. காம்பு கோட்டைத் தாண்டலாம், எழுத்து தாண்டக் கூடாது. ஜன்னலில் 4 மட்டும் தெரியும்போது அரைக்குலையும் வெறும் பச்சையும்னா, அங்கே ஒரு வரி தேவை.

தக்கலை: விலை 7இல் போடட்டுமா?

தோவாளை: படத்தில் வேண்டாம் அக்கா. சந்தை விலை மாறும், போட்ட பிறகு ஸ்லைடை மாத்த முடியாது. கேப்ஷனைத் திருத்தலாம்.

குளச்சல்: முதல்ல நகர்த்தாமப் போனவங்களுக்கு இன்ஸ்டாகிராம் மறுபடி ரெண்டாவது ஸ்லைடைக் காட்டுறதும் உண்டு. அப்ப 2லயும் பழத்தோட பேர் எழுதணும்ல?

நாகர்கோவில்: அது சரி. ஆனா எழுதினா பழமும் விரலும் நெருக்கடியாகும். நான் 2ஐ வெறுமையா விடுவேன்.

குளச்சல்: நான் எழுதுவேன். ரெண்டு மாதிரியும் வரைஞ்சு அந்த ஜன்னலில் இழுத்துப் பாருங்க அக்கா.