நாலாயிரம் பில், ஒரே வடிவில் வெளியீடு: ஒட்டாத பில்லை எங்கே ஒதுக்குவது?

அல்சூர் கணக்குப்பிள்ளை

ஒரு கம்பெனியின் ஒரு வருடக் கொள்முதல் பில்கள், 4,000 பிடிஎஃப் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரிக்கு முந்தைய தொகை, வரி, மொத்தம் ஆகியவற்றை எடுத்து ஒரே அமைப்பில் வரிசையாக்க வேண்டும். 200, 200 ஆகப் பிரித்து ஓட்டினால் 20 பேட்ச். பேட்ச் சிறியதாக இருந்தால், நடுவில் கோளாறு வந்தாலும் அந்த 200-ஐ மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.

முதல் பேட்ச் ஓடும் முன்பே இரண்டு விஷயம் முடிவாகியிருக்க வேண்டும். ஒன்று, வெளியீட்டின் வடிவம்: தேதி எப்போதும் 2024-07-09 மாதிரி, தொகையில் காற்புள்ளி கிடையாது, பில் எண் எப்போதும் எழுத்து வகை. எக்ஸெல்லில் நேராகத் திறந்தால் 00123 என்பது 123 ஆகிவிடும், 4-12 என்ற பில் எண் தேதியாக மாறிவிடும். இரண்டாவது, தேறாத பில் எங்கே போகும் என்பது. வெளியீட்டிலேயே வெற்றுக் கட்டமாக விட்டால் யார் கண்ணிலும் படாது. அதற்கென்று தனி வரிசை வேண்டும். அதில் கோப்பின் பெயர், பக்கம், படித்தது என்ன, எந்தச் சோதனையில் தவறியது என்ற நான்கும் இருக்கட்டும்.

மல்லேஸ்வரம் வாசி

ஸ்கேனர் எது நல்லது சார்? நிமிடத்துக்கு 40 பக்கம் ஓடுகிற மாதிரி பார்க்கிறேன்.

அல்சூர் கணக்குப்பிள்ளை

கேள்வி ஸ்கேனர் பற்றியது இல்லைங்க. இருந்தாலும் சொல்கிறேன், வேகத்தைவிட 300 டிபிஐ-யும் கோணாமல் இழுக்கிறதும்தான் முக்கியம். 150-ல் எடுத்தால் 8-ம் B-யும் ஒன்றுபோலத் தெரியும்.

சிவாஜிநகர் ஓசிஆர்

அந்த 8, B தொல்லைக்கு ஜிஎஸ்டி எண்ணிலேயே மருந்து இருக்கிறது. 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு: கர்நாடகாவுக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண், அதாவது ஐந்து எழுத்து, நாலு இலக்கம், ஒரு எழுத்து. 14-வது பொதுவாக Z. கடைசி, முன்னால் இருக்கிற 14-ஐ வைத்துக் கணக்கிடுகிற சரிபார்ப்பு எழுத்து.

```python
A = "0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ"
def chk(g):
    s = 0
    for i, c in enumerate(g[:14]):
        p = A.index(c) * (1 + i % 2)
        s += p // 36 + p % 36
    return A[(36 - s % 36) % 36]
```

இது தருவதும் 15-வது எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ தப்பாகப் படித்திருக்கிறது. ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் இது கட்டாயம் பிடித்துவிடும். அதனால் O-வை 0 ஆக்கித் தானாகவே திருத்திவிடலாம், தனி வரிசைக்குப் போகவே வேண்டாம்.

அல்சூர் கணக்குப்பிள்ளை

பாதி சரி. 3 முதல் 7 வரை எழுத்துதான் வரும் என்பதால் அங்கே 0 வந்தால் O ஆக்கலாம். 8 முதல் 11 வரை அதற்கு நேர்மாறு. ஆனால் 13-வதும் 15-வதும் இலக்கமாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். அங்கே கை வைக்கக் கூடாது. திருத்திய பிறகு சரிபார்ப்பு எழுத்து பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், "திருத்தப்பட்டது" என்று ஒரு குறியும் போடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எது படித்தது, எது நாமே மாற்றியது என்று பிரித்தறிய வழியில்லை.

ஒயிட்ஃபீல்டு டேலி

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. விற்றவர் 33, வாங்கியவர் 29 என்றால் ஐஜிஎஸ்டி இருக்க வேண்டும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இருந்தால் பில் தப்பு, நேராகத் தனி வரிசை.

பிரேசர் டவுன் அக்கா

அப்படியானால் சென்னை ஹோட்டல் பில் எல்லாம் உங்கள் வரிசையில் குவிந்துகிடக்குமே தம்பி! அறை வாடகைக்கு ஹோட்டல் இருக்கிற இடம்தான் கணக்கு. பெங்களூர் கம்பெனி ஆள் சென்னையில் தங்கினால் பில்லில் தமிழ்நாட்டின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரும். பில் சரி, சோதனைதான் தப்பு. அந்த வரியைப் பெங்களூர் பதிவில் கிரெடிட் எடுக்க முடியாது, அது தனிக் கதை. தங்கும் விடுதிக்கு வேறு வகை வைத்து, அதற்கு இந்தச் சோதனையை விலக்குங்கள்.

ஒரே காரணம் ஒரு பேட்ச்சில் முப்பது தடவை வந்தால், முப்பது பில்லைத் திருத்த உட்காராதீர்கள். விதியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு டேலி

ஹோட்டல் சரி அக்கா. ஆனால் எந்த பில் ஹோட்டல் என்று மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? பெயரில் "ரெசிடென்சி" என்று இருந்தால் கட்டடம் கட்டுகிறவரும் வருவார்.

பிரேசர் டவுன் அக்கா

பெயரை நம்ப வேண்டாம். பில்லில் சேவைக் குறியீடு 9963 என்று தொடங்கினால் தங்குமிடமும் சாப்பாடும். குறியீடு போடாத சின்ன லாட்ஜ் தனி வரிசைக்கு வரட்டும், பரவாயில்லை.

சிவாஜிநகர் ஓசிஆர்

தொகைக்கு என்ன செய்கிறீர்கள்? 12,500-க்கு 18 சதவீதம் 2,250. பெருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஒரு ரூபாய் வரை விட்டுக்கொடுக்கலாம்.

அல்சூர் கணக்குப்பிள்ளை

ஒரு ரூபாய் போதாது. சிலர் ஒவ்வொரு பொருளின் வரியையும் முழு ரூபாய்க்கு மாற்றுவார்கள், 20 பொருள் இருந்தால் வித்தியாசம் பத்து ரூபாய் வரை போகலாம். பொருளுக்கு ஐம்பது பைசா என்று வையுங்கள்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மங்கலான பிரின்டில் தசமப் புள்ளி விழுந்துவிட்டால் 12,500.00 என்பது 12,50,000 ஆகும், வரி 2,25,000 ஆகும், மொத்தம் 14,75,000 ஆகும். எல்லாமே நூறு மடங்கு, பெருக்கல் அழகாகப் பொருந்தும். பில் அடியில் எழுத்தால் எழுதிய தொகையோடு ஒப்பிட்டால்தான் மாட்டும். அது இல்லாத பில்லுக்கு, அதே விற்றவரின் மற்ற பில்களைப் பாருங்கள். பத்து மடங்குக்கு மேல் தாவினால் தனி வரிசை.

இன்னொன்று, பில் எண். விதிப்படி 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அதனால் 64 எழுத்து இ-இன்வாய்ஸ் எண்ணைத் தப்பாக எடுத்தால் நீளமே காட்டிக்கொடுக்கும். ஆனால் அதன் ஏற்பு எண் 15 இலக்கம், சோதனையில் தப்பிவிடும். வெறும் இலக்கமாக 15 வந்தால் ஆள் பார்க்கட்டும்.

மல்லேஸ்வரம் வாசி

எல்லாம் ஓடி முடிந்தது, தேறியது 3,560, தனி வரிசை 412. கூட்டினால் 3,972தான் வருகிறது. மிச்சம்?

அல்சூர் கணக்குப்பிள்ளை

அந்த 28-ஐத் தேடாமல் பேட்ச்சை மூடாதீர்கள். கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் திறக்காமல் நின்றிருக்கும், அதையும் ஒரு காரணத்தோடு தனி வரிசையில் தள்ள வேண்டும். கணக்கைக் கோப்பில் வையுங்கள், பில்லில் அல்ல, ஏனென்றால் ஒரே பிடிஎஃப்பில் மூன்று பில் இருக்கும். அந்தக் கோப்பு தேறினால் மூன்று பில்லும் சேர்ந்து தேற வேண்டும்.

திருத்திய பில்லை நேராக வெளியீட்டில் ஒட்டாதீர்கள். அதே சோதனைகள் வழியாகத்தான் திரும்ப வரட்டும். கையால் அடிக்கிறபோதும் தப்பு வரும்.

பிரேசர் டவுன் அக்கா

தேறிய 3,560-ஐ யாரும் பார்ப்பதில்லையே, அதுதான் எனக்கு பயம். தனி வரிசையில் வருவது நமக்குத் தெரிந்த தப்பு மட்டும். தேறியதில் கண்ணை மூடிக்கொண்டு 300 எடுத்து அசல் பில்லோடு ஒப்பிடுங்கள். ஒன்றுகூடத் தப்பில்லை என்றால், மொத்தத்தில் தப்பு ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் என்று ஏறக்குறைய 95 சதவீத உறுதியோடு சொல்லலாம்.

ஒயிட்ஃபீல்டு டேலி

300 அதிகம் அக்கா, இரண்டு ஆள் ஒரு நாள் உட்கார வேண்டும். 50 போதாதா?

பிரேசர் டவுன் அக்கா

50-ல் தப்பே இல்லாவிட்டாலும் ஆறு சதவீதம் வரை இருக்கலாம். 3,560-ல் ஆறு சதவீதம் எத்தனை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சிவாஜிநகர் ஓசிஆர்

கையால் எழுதிய மளிகைக்கடை பில்லுக்கு என்னிடம் இன்னும் வழியில்லை. மொத்தமும் தனி வரிசைக்குத்தான் போகிறது. யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.