13.86-ஆ, 18.86-ஆ? மழை அட்டவணைக்கு ஒரு குறிப்புத் தாள்

நிரைநிரல்: பழைய மாவட்ட மழை அட்டவணை ஒன்றை ஸ்கேன் படத்திலிருந்து விரிதாளாக மாற்றி ஏற்றியுள்ளேன். ஏழு நிலையங்கள், பன்னிரண்டு மாதங்கள், அளவு அங்குலத்தில். பிழைகளை எல்லாம் நானே திருத்திவிட்டதால் தனியாகக் குறிப்புத் தாள் தேவைப்படவில்லை.

பழைய கணக்கர்: பிழைகளைத் திருத்தியதால்தான் குறிப்புத் தாள் தேவைப்படுகிறது, ஐயா. நான்காம் நிலையத்தின் வரிசையை எடுத்துக்கொள்வோம். நவம்பருக்குத் தாங்கள் 18.86 என்று இட்டிருக்கிறீர்கள். தாங்களே இணைத்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அங்கே தெரிவது 13.86. எந்தக் காரணத்தால் மூன்று எட்டாயிற்று என்று ஒரு வரிகூட இல்லை. நாளை இந்தக் கோப்பைப் பயன்படுத்துபவர் படத்தோடு ஒப்பிட்டால், தாங்கள் தவறாகத் தட்டச்சு செய்ததாக எண்ணி மீண்டும் 13.86 என்று மாற்றிவிடுவார்.

நிரைநிரல்: காரணம் எளிமையானது. படத்தில் உள்ளபடி பன்னிரண்டு மாதங்களையும் கூட்டினால் 44.84 வருகிறது, ஆனால் அச்சான ஆண்டு மொத்தம் 49.84. சரியாக ஐந்து அங்குலம் குறைகிறது. நவம்பரை 18.86 ஆக்கினால் கணக்கு நேராகிவிடுகிறது. கூட்டத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும் என்று நினைத்தேன்.

பழைய கணக்கர்: கூட்டத் தெரிந்தவர்கள் அதே வரிசையின் ஆகஸ்ட் மாதத்தையும் பார்த்திருப்பார்கள். அங்கே 3.91 என்று இருக்கிறது. அதை 8.91 ஆக்கினாலும் அதே ஐந்து அங்குலம் கிடைக்கும், மொத்தமும் அதே 49.84 வரும். இரண்டு கட்டங்களிலும் மூன்றும் எட்டும்தான் குழப்பம். வரிசையின் மொத்தம் பிழை உண்டு என்று சொல்லுமே தவிர, எந்தக் கட்டத்தில் என்று சொல்லாது. ஆகஸ்டை விட்டுவிட்டு நவம்பரைத் தேர்ந்தெடுத்தது எதை வைத்து?

ஓடைக்கரை: நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை அதிகம் பெய்யும் மாதத்தில் பெரிய எண் இருப்பதுதானே இயல்பு? இதற்கு இவ்வளவு விசாரணை தேவையா?

பழைய கணக்கர்: இயல்பு என்பது சான்றாகாது. 13.86-உம் நவம்பருக்கு இயல்பான அளவுதான்.

ஏட்டுக்கட்டு: இருவரும் அட்டவணையின் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை போலும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஏழு நிலையங்களின் சராசரி அங்கே அச்சாகியுள்ளது. நவம்பரில் 13.86 என்று கொண்டால் சராசரி 12.10 வருகிறது, 18.86 என்று கொண்டால் 12.81. அச்சில் இருப்பது 12.81. ஆகஸ்டிலோ 3.91 இருக்கும்போதே சராசரி பொருந்திவிடுகிறது. எனவே பிழை நவம்பரில்தான். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இரண்டு சான்றுகள் ஒரே கட்டத்தில் சந்திக்கின்றன.

நிரைநிரல்: நன்றி. ஆக, நான் இட்ட எண் சரி.

பழைய கணக்கர்: எண் சரியாக இருக்கலாம். ஆனால் தாங்கள் அதைச் சரிபார்த்து இடவில்லை, மற்றொருவர் பிறகு வந்து சரிபார்த்தார். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இன்னும் நிற்கிறது. அச்சிலேயே 13.86 என்று இருக்கிறதா, அல்லது அச்சில் 18.86 இருந்து, கறுப்பு வெள்ளையாக மட்டும் எடுக்கப்பட்ட இந்த ஸ்கேனில் எட்டின் இடப்பக்கம் அழிந்து மூன்றாகத் தெரிகிறதா? முதலாவது அச்சுக்கோத்தவரின் பிழை, இரண்டாவது நம் படியின் குறை. முதலாவதில் நாம் மூலத்தையே மாற்றுகிறோம், இரண்டாவதில் மூலத்தைச் சரியாகப் படிக்கிறோம். குறிப்புத் தாளில் இவ்விரண்டையும் “திருத்தம்” என்ற ஒரே பெயரில் அடைக்கக் கூடாது. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: “நான்காம் நிலையம், நவம்பர். படத்தில் தெரிவது 13.86, அட்டவணையில் இட்டது 18.86. ஆண்டு மொத்தம் 49.84, நவம்பர் சராசரி 12.81 ஆகிய இரண்டும் இதற்கே பொருந்துகின்றன. அச்சுப் பிழையா, படத்தின் குறையா என்பது வேறொரு பிரதியைப் பார்க்கும்வரை தெரியாது.”

நிரைநிரல்: ஒரு கட்டத்துக்கு இவ்வளவு எழுதினால் அட்டவணையைவிடக் குறிப்பு நீண்டுவிடும். “L9 திருத்தப்பட்டது” என்று போட்டால் போதாதா?

பழைய கணக்கர்: யாராவது நிலையங்களை அகர வரிசையில் அடுக்கிய மறுநொடி L9 என்பது வேறொரு ஊரின் மழையாகிவிடும். நிலையத்தின் பெயர், மாதம், நூலின் பக்க எண் ஆகிய மூன்றும் வேண்டும். படத்தில் தெரிந்த 13.86-உம் வேண்டும். அதை அழித்துவிட்டால் தங்கள் முடிவைச் சோதிக்க எவருக்கும் வழியில்லை.

செல்லரித்த_ஏடு: எனக்கும் இதே தொல்லைதான். தாத்தாவின் கடைக் கணக்கில் 12 ரூபாய் 6 அணா 8 பை என்பதை 12-6-8 என்று தட்டினால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடுகிறது. இதற்கு எந்த மென்பொருள் நல்லது?

ஏட்டுக்கட்டு: அது வேறு சிக்கல். நெடுவரிசையை முதலிலேயே உரை வடிவமாக மாற்றிவிட்டுத் தட்டுங்கள். அல்லது ரூபாய், அணா, பை மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள்.

ஓடைக்கரை: பிப்ரவரியில் சிறு கோடு இருக்கும் இடத்தில் நிரைநிரல் சுழி இட்டிருக்கிறாரே, அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? என் கருத்தில் அது சரியே. பழைய அட்டவணைகளில் கோடு என்றால் மழை இல்லை என்றுதான் பொருள்.

பழைய கணக்கர்: எல்லா அட்டவணைகளிலும் அப்படி இல்லை. அளவு வந்து சேராத மாதத்துக்கும் கோடு இடுவது உண்டு. இந்த அட்டவணையில் அதற்கும் சராசரிதான் துணை. பிப்ரவரியில் மற்ற ஆறு நிலையங்களின் கூட்டுத்தொகை 3.36. அதை ஆறால் வகுத்தால் 0.56, ஏழால் வகுத்தால் 0.48. அச்சில் இருப்பது 0.48. தொகுத்தவர் கோட்டைச் சுழியாகக் கணக்கிட்டார் என்று இதிலிருந்து சொல்லலாம். அங்கே மழையே பெய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆகையால் இது திருத்தமல்ல, அனுமானம். குறிப்புத் தாளில் அதற்குத் தனி இடம் வேண்டும். நவம்பரின் 13.86-ஐயும் இதையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

ஓடைக்கரை: சுழி என்றுதானே நானும் சொன்னேன்! அதையே சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு எனக்குப் பாடம் நடத்துகிறீர்கள்.

நிரைநிரல்: இவர் எப்போதும் இப்படித்தான். சென்ற முறை நான் பயிர்ப் பரப்பு அட்டவணையை ஏற்றியபோதும் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கு எழுதினார். சரி, நேற்றிரவு குறிப்புகள் என்று ஒரு தாளைச் சேர்த்துவிட்டேன். அனைவரும் மகிழ்க.

ஏட்டுக்கட்டு: தாங்கள் ஏற்றியிருப்பது csv கோப்பு. அதில் ஒரு தாள்தான் நிற்கும். சேமிக்கும்போதே குறிப்புகள் போய்விட்டன. தனி உரைக் கோப்பாக, அதே பெயரில், பக்கத்திலேயே வையுங்கள்.

நிரைநிரல்: xlsx ஆகவே ஏற்றுகிறேன். மில்லிமீட்டரையும் சேர்த்திருக்கிறேன், 25.4 ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினேன்.

பழைய கணக்கர்: மாதங்களைத் தனித்தனியே முழு எண்ணாக்கிக் கூட்டினால் வரும் தொகையும், 49.84-ஐ நேராக மாற்றினால் வரும் 1266-உம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடலாம். பார்ப்பவர் அதையும் பிழை என்று எண்ணித் திருத்துவார். அதையும் எழுதுங்கள். புதிய கோப்பைத் திறந்தேன். தங்கள் குறிப்புத் தாளில் “சில அச்சுப் பிழைகள் களையப்பட்டன” என்ற ஒரே வரி இருக்கிறது. எந்த நூல், எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பது இல்லை. 13.86-உம் இல்லை. அது அச்சுப் பிழை என்று தங்களுக்கு யார் சொன்னார்கள்?

நிரைநிரல்: 18.86 சரி என்று இங்கேயே நிறுவப்பட்டுவிட்டது. மேலே படியுங்கள்.

பழைய கணக்கர்: 18.86 சரியா என்று நான் கேட்கவில்லை. படத்தில் இருக்கும் 13.86 தங்கள் கோப்பில் எங்கே என்று கேட்கிறேன்.

செல்லரித்த_ஏடு: உரை வடிவமாக மாற்றியபின் தேதி நின்றுவிட்டது, நன்றி. ஆனால் இப்போது கூட்டல் வரவில்லை.