புதுப்பிப்பு: சேல்ஸ் ஆபீசர் இன்டர்வியூ முடிந்தது

இங்கே நான் முன்பு கேட்டது: "போன காலாண்டில் டார்கெட் அடிக்கவில்லை, இன்டர்வியூவில் நம்பரை எப்படிச் சொல்வது? ரோல் பிளே வேறு உண்டாம்."

நேற்று போய் வந்தேன். "நூறு சதவீதம்னு சொல்லு, யார் பார்க்கப் போறாங்க" என்று பதில் போட்ட தம்பி சொன்னது பாதி சரி. ரிப்போர்ட் யாரும் கேட்கவில்லை, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஏற்றியது எவ்வளவு, கடைக்கு இறங்கியது எவ்வளவு என்று மேனேஜர் பிரித்துக் கேட்டார், பொய் சொல்லியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். ஏரியா மேனேஜராக இருந்த அண்ணன் சொன்னபடி எழுதி வைத்திருந்தேன்: டார்கெட் 36 லட்சம், முடித்தது 28. டிஸ்ட்ரிபியூட்டர் விலகி ஐந்து வாரம் சப்ளை இல்லாததில் போனது சுமார் 5, மீதி 3 நான் புதுக் கடை பிடிக்காதது. அந்த மூன்றைத்தான் குடைந்தார்.

ரோல் பிளேயில் அவர் மளிகைக்கடை அண்ணாச்சி. நான் கடைக்கான சலுகை ஸ்கீமைச் சொல்ல ஆரம்பித்ததும், "காலாவதியான ரெண்டு பெட்டியை இன்னும் எடுக்கல, அதுக்குள்ள ஸ்கீமா?" என்றார். கொஞ்சம் தடுமாறிவிட்டு, பேட்ச் நம்பரும் தேதியும் குறித்துக்கொண்டு, கிளெய்ம் நிலவரத்தை வியாழக்கிழமை நேரில் சொல்கிறேன் என்றேன். கிடைத்த ஆர்டர் அரைப்பெட்டி. அது போதுமா, தெரியவில்லை.

இன்ஷூரன்ஸ் இன்டர்வியூவில் பேனாவை விற்கச் சொன்ன கதையைச் சொன்ன அக்காவுக்கு: என்னை அப்படி விற்கச் சொல்லவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை.