“அக்கா, இது எந்த சாப்டர்?” – பத்தாம் வகுப்புக் கணக்கில் கலந்த பயிற்சித் தாள்: உங்கள் அனுபவம்

தண்டையார்பேட்டை டியூஷன் அக்கா

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமைதோறும் கலந்த தாள் கொடுக்கிறேன். அளவியலில் ஒன்று, இயற்கணிதத்தில் ஒன்று, வடிவியலில் ஒன்று என்று, பாடத் தலைப்பு எதுவும் போடாமல். போன வாரத் தாளில் மூன்று கணக்குகளை வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஒன்று, 10 மீட்டர் ஏணி, சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி அடி இருக்கிறது, எவ்வளவு உயரம் எட்டும்? அடுத்தது, அதே 10 மீட்டர் ஏணி, தரையோடு 60° கோணம், எவ்வளவு உயரம்? மூன்றாவது, 6 மீட்டர் கம்பத்தின் நிழல் 4 மீட்டர், அதே நேரத்தில் ஒரு கோபுரத்தின் நிழல் 28 மீட்டர், கோபுரம் எவ்வளவு உயரம்? முதலாவது பிதாகரஸ். இரண்டாவது முக்கோணவியல். மூன்றாவது வடிவொத்த முக்கோணம். படம் போட்டால் மூன்றும் ஒரே மாதிரி செங்கோண முக்கோணம்தான்.

பாடவாரியாக டெஸ்ட் வைத்தால் முழு மார்க் வாங்கும் பெண் ஒருத்தி. மூன்றாவது கணக்கில் நின்றுவிட்டாள். “அக்கா, இது எந்த சாப்டர்?” என்றாள். நான் சொல்லவில்லை. அப்புறம் tan θ = 6/4 என்று எழுதி, அட்டவணையைப் புரட்டி, θ சுமார் 56° என்று எடுத்து, tan 56°-ஐ 28-ஆல் பெருக்கி 41.5 மீட்டர் என்று முடித்தாள். சரியான விடை 42. கணக்கில் கோணமே இல்லை, அவளாகவே ஒரு கோணத்தைக் கொண்டுவந்துவிட்டாள். அந்த 41.5 இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. உங்களிடம் படித்த பிள்ளைகள் இப்படி எங்கே மாட்டினார்கள் என்று சொல்லுங்கள்.

ராயபுரம் அப்பா

என் பையன் சென்டரிலும் இதே கூத்துதான். பாடவாரியாகப் படித்தபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். கலந்த தாள் வந்ததும் ஐம்பது சொச்சம். தாளை வாங்கிப் பார்த்தேன், கூம்புக் கூடாரத்துக்குத் துணி எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள், இவன் கன அளவு போட்டிருக்கிறான். வளைபரப்புச் சூத்திரம் அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெரிந்ததையே குழப்பிவிட்டால் பிள்ளை என்ன செய்வான்? ஒரு பாடத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் முறை. மீன் ஏலத்தில்கூட வஞ்சிரத்தையும் நெத்திலியையும் ஒரே கூடையில் கொட்டமாட்டோம்.

பெரம்பூர் ஓய்வு ஆசிரியர்

ராயபுரம் ஐயா, உங்கள் பையன் விஷயத்திலேயே பதில் இருக்கிறது. அவனுக்குச் சூத்திரம் தெரியும், எப்போது எதை எடுப்பது என்பது தெரியவில்லை. பாடவாரிப் பயிற்சியில் அந்த இரண்டாவது வேலை வருவதே இல்லை. மேலே ‘வளைபரப்பு’ என்று தலைப்பு போட்டுப் பத்துக் கணக்கு கொடுத்தால், கணக்கைப் படிக்காமலே எண்களைச் சூத்திரத்தில் போட்டுவிடலாம்.

2007-இல் ரோரர், டெய்லர் என்ற இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். அதிகம் பழக்கமில்லாத நான்கு திண்ம உருவங்களின் கன அளவு. ஒரு குழு வகைவாரியாகப் போட்டது, இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சி நேரத்தில் வகைவாரிக் குழு 89 சதவீதம் சரி, கலந்த குழு 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்ததும் வகைவாரிக் குழு 20-க்கு இறங்கியது, கலந்த குழு 63. உங்களைக் கோபப்படுத்திய அந்த ஐம்பதும் இப்படிப் பயிற்சியின்போது விழுகிற மார்க் வகைதான்.

ஆனால் ஒன்று. புதிதாக ஒரு பாடம் நடத்திய அன்றே கலக்கக்கூடாது. முதலில் அதே வகையில் நாலைந்து கணக்காவது கை பழக வேண்டும். நீங்கள் சொல்வதில் அந்தப் பாதி சரி.

டியூஷன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெண் tan θ = 6/4 என்று எழுதினாளே, அது தவறு இல்லை. ஒரே நேரத்து நிழல் என்றால் சூரியனின் கோணம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆக 6/4 = h/28. இதுவே வடிவொத்த முக்கோணம். θ என்ன என்று தேடப் போனதுதான் வீண் வேலை. 56° என்று முழு எண்ணாக்கியதில் அரை மீட்டர் போய்விட்டது. சிவப்பு மையில் தப்பு போடுவதைவிட “θ உனக்கு எதற்கு வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள்.

வியாசர்பாடி குரூப் 4

நான் பத்தாவது முடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது, இப்போது டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். குரூப் 4-இல் கணக்கு 25 கேள்வி, எல்லாம் கலந்துதான் வரும். தனிவட்டியையும் கூட்டுவட்டியையும் மாற்றிப் போட்டு ஒரு டெஸ்ட்டே போயிற்று, அதோடு என் கதை முடிந்தது.

பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தனியாகக் கலந்த தாள் தேவையே இல்லை. பழைய பொதுத்தேர்வுத் தாள்களை ஜெராக்ஸ் கடையில் கட்டாக வாங்கி, வாரம் ஒன்று என்று மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்துப் போடுங்கள். அதில் எட்டுப் பாடமும் கலந்துதான் இருக்கிறது. ஒரு மதிப்பெண் 14 கேள்வியை முதல் இருபது நிமிடத்தில் முடியுங்கள். கட்டாய வினா 28, 42 இரண்டையும் கடைசிக்கு வைக்காதீர்கள். காலையில் எழுந்து போடுங்கள். சூத்திரங்களை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பை அழித்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை டியூஷன் அக்கா

தம்பி, மாதிரித் தாளும் கலந்த தாளும் ஒன்று இல்லை. பொதுத்தேர்வுத் தாளை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பகுதியிலும் கேள்விகள் பெரும்பாலும் புத்தகப் பாட வரிசையில்தான் வரும். முதல் கேள்வி உறவுகளும் சார்புகளும், பகுதியின் கடைசிக்கு வந்தால் நிகழ்தகவு. பிள்ளைகள் கேள்வி எண்ணை வைத்தே பாடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் அந்த வரிசையை உடைக்கத்தான் தாளைத் தனியாக எழுதுகிறேன். 43, 44-ஆம் கேள்விகளை மட்டும் கலப்பதில்லை. வரைபடமா செய்முறை வடிவியலா என்று பார்த்ததுமே தெரிந்துவிடும், அதற்குக் கை பழக்கம்தான் வேண்டும். அவற்றைத் தனியாகவே போடச் சொல்கிறேன்.

ஐயா, நீங்கள் சொன்ன கேள்வியை அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு θ-வை அடித்துவிட்டு 42 போட்டாள். மற்ற பிள்ளைகளிடம் விடை எழுதுவதற்கு முன் ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறேன்: எந்த முறை, கணக்கின் எந்தச் சொல்லால். ‘துணி, அதனால் பரப்பு’, ‘உருக்கி, அதனால் கன அளவு’, இப்படி. இரண்டு பேர் விடை சரியாக வந்தும் அந்த வரியை எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

திருவொற்றியூர் ப்ளஸ் ஒன்

அக்கா, வரிசை பரீட்சையிலேயே துப்பு கொடுக்கிறது என்றால் நாங்கள் ஏன் வரிசை இல்லாமல் கஷ்டப்பட்டுப் பழக வேண்டும்? எனக்குப் போன வருஷம் அந்தத் துப்பு நன்றாகவே உதவியது.

பெரம்பூர் ஓய்வு ஆசிரியர்

துப்பு பாடத்தைத்தான் சொல்லும் தம்பி. அளவியல் என்று தெரிந்த பிறகும் பரப்பா கன அளவா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ராயபுரம் ஐயாவின் பையன் விழுந்தது அங்கேதான். இயற்கணிதத்தில் நேரடியாகச் சமன்பாடு கொடுத்து விடுகிற கணக்குகளுக்கு உங்கள் வாதம் ஓரளவு நிற்கும், மறுக்கவில்லை.

ராயபுரம் அப்பா

சரி, நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். இப்போது கலந்த தாளில் ஐம்பது வாங்குகிறவன் பொதுத்தேர்வில் எவ்வளவு வாங்குவான்?

பெரம்பூர் ஓய்வு ஆசிரியர்

அதை யாராலும் சொல்ல முடியாது ஐயா. அந்தத் தாளை ஒரு மாதம் கழித்து, எண்களை மட்டும் மாற்றி மறுபடி கொடுங்கள். கூடாரத்துக்கு அவன் எந்தச் சூத்திரத்தை எடுக்கிறான் என்று பாருங்கள். மார்க்கை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.