எறியத் தாயத்தின் சமச்சீர்மையை வரைபடத்தில் காட்டுவது எப்படி?

வணக்கம். திருகோணமலையில் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு உங்கள் உதவி தேவை.

y = 2x என்ற கோட்டின்மீது செங்குத்தாக எறியும் தாயம் P = (1/5)[[1, 2], [2, 4]] ஆகும். கோட்டின் வழியே செல்லும் (1, 2) என்ற காவி மாறாதிருப்பதால் அதன் ஐகன் பெறுமானம் 1. கோட்டுக்குச் செங்குத்தான (2, −1) பூச்சியமாகிவிடுவதால் அதன் ஐகன் பெறுமானம் 0. இதுவரை அவர்களுக்குத் தெளிவாகவே விளங்குகிறது.

ஆனால் Q = [[1, 0], [2, 0]] என்பதும் அதே கோட்டின்மீதுதான், y அச்சுக்குச் சமாந்தரமாக, எறிகிறது. Q² = Q; ஐகன் பெறுமானங்களும் அதே 1, 0. இங்கே பூச்சியமாவது (0, 1) என்பதால், ஐகன் காவிகள் மட்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. P சமச்சீரானது, Q அவ்வாறில்லை; இந்தச் சமச்சீர்மையே செங்குத்தைத் தருகிறது என்பதை, நிறுவலுக்கு முன்னர் வரைபடத்திலேயே காட்டும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.