வலியே இல்லை, ஆனால் 11 பற்களுக்குச் சிகிச்சை வேண்டும் என்கிறார்கள்: இரண்டாவது கருத்தை எப்படிப் பெறுவது?

தாழம்பூ (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. பற்களைச் சுத்தம் செய்துகொள்வதற்காக மட்டுமே ஒரு புதிய பல் மருத்துவரிடம் சென்றேன். திரும்பி வரும்போது என் கையில் 11 பற்களின் பட்டியல் இருந்தது. இதற்கு முன் என்னைப் பார்த்துவந்த மருத்துவர் சென்ற ஆண்டு பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

பட்டியல் இதுதான். பல் எண்களில் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதையும், அடுத்தது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். 14, 15, 24, 25 ஆகிய பற்களில் இடைப்பகுதியில் சொத்தை. 17, 27, 37 ஆகியவற்றில் கடிக்கும் பரப்பின் பள்ளங்களில் சொத்தை. 34இல் ஈறோரத்தில் தேய்மானம், அதை நிரப்ப வேண்டும். 46இல் பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். 26, 36 இரண்டுக்கும் வேர் சிகிச்சையும் அதன்மேல் கேப்பும். முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள்; அதைத் திரையில் காட்டி, கறுப்பாகத் தெரிந்த இடங்களைச் சுட்டினார்கள்.

எனக்கு எந்தப் பல்லிலும் வலி இல்லை. அவரைச் சந்தேகிக்க எனக்கு மனமும் இல்லை, அப்படியே நம்பவும் முடியவில்லை. இன்னொரு மருத்துவரிடம் போனால் என்ன கேட்க வேண்டும், அவர் சொல்வது சரியா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

நேர்வழி

வலி இல்லாத பல்லைத் தொடவே விடாதீர்கள். பல் துளைக்கப்பட்டுவிட்டால் திரும்ப வளராது. சிறிய அடைப்பு சில ஆண்டுகளில் பெரிய அடைப்பாகும், அது பிறகு கேப்பாகும். வலி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வேர் சிகிச்சை என்று சொன்னவுடன் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதே என் கொள்கை.

கடைவாய்

பல் மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நேர்வழி சொன்னதில் முதல் பாதி சரி. துளைத்த பல்லுக்குப் பராமரிப்பு வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பதால்தான் தேவையற்ற முதல் துளையைத் தவிர்க்க வேண்டும். ஆனால் வலியை அளவுகோலாக வைத்துக்கொள்வது ஆபத்து. சொத்தை எனாமலைத் தாண்டி உள்ளே வெகுதூரம் போகும்வரை பெரும்பாலும் வலிக்காது. நரம்பு முழுவதும் செத்துப்போன பல்லும் பல நேரங்களில் வலிக்காது.

தாழம்பூ, உங்கள் பட்டியலை 11 என்ற ஒரே எண்ணாகப் பார்க்காதீர்கள். அதில் ஐந்து வகையான கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் சான்று வேறு.

முதலில் பற்களின் இடையிலான நான்கு. முழு வாய்ப் படத்தை வைத்து இவற்றை முடிவு செய்யக்கூடாது. அந்தப் படத்தில், குறிப்பாக முன்கடைவாய்ப் பற்களின் பகுதியில், ஒரு பல்லின் ஓரம் அடுத்த பல்லின்மேல் விழுந்து தெரியும். இல்லாத சொத்தை இருப்பதுபோலவும், இருக்கும் சொத்தை மறைந்தும் தோன்றும். இதற்கென்று இருப்பது பைட்விங் எக்ஸ்ரே. சிறிய தகட்டை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்லி எடுப்பார்கள். நல்ல பைட்விங்கில் இரண்டு பற்களும் தொடும் இடம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தெளிவாகப் பிரிந்து தெரியும். அதில் கறுப்பு நிழல் எனாமலுக்குள்ளேயே நின்றுவிட்டால் பொதுவாகத் துளைப்பதில்லை. ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, இடையில் நூல் விட்டுச் சுத்தம் செய்யப் பழகி, ஓராண்டு வாக்கில் மீண்டும் படம் எடுத்து ஒப்பிடுவார்கள். நிழல் எனாமலுக்கு அடியிலிருக்கும் டென்டினுக்குள் ஆழமாகப் போயிருந்தால் அடைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், டென்டினின் வெளி ஓரத்தை மட்டும் தொட்டு நிற்கும் நிழல் இருக்கிறதே, அங்கேதான் நேர்மையான மருத்துவர்களே வேறுபடுவார்கள்.

பள்ளங்களில் தெரியும் பழுப்புக் கோடு பல நேரங்களில் வெறும் கறையாகவோ, எப்போதோ தொடங்கி நின்றுபோன சொத்தையாகவோ இருக்கும். பல்லைச் சுத்தம் செய்து, காற்றால் உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பள்ளத்தைச் சுற்றி உள்ளிருந்து சாம்பல் நிழல் தெரிந்தாலோ, பரப்பு உடைந்து குழி விழுந்திருந்தாலோ அது வேறு கதை. கூரிய கம்பி பள்ளத்தில் சிக்கிக்கொண்டது என்பது மட்டும் சான்றாகாது. ஆழமான பள்ளத்தில் கம்பி எப்படியும் சிக்கும்.

வேர் சிகிச்சைக்கு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குளிர் வைத்துப் பார்த்தார்களா, தட்டிப் பார்த்தார்களா, வேரின் நுனிவரை தெரியும்படி அந்தப் பல்லை மட்டும் தனியாகப் படம் எடுத்தார்களா? இவை இல்லாமல் வேர் சிகிச்சை என்று எழுதுவது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத பழக்கம்.

செல்வி அம்மா

என் மகனுக்கு ஆறு வயது. அவனுக்கும் எட்டுப் பற்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் விழுந்து முளைக்கப் போகிற பால் பற்கள்தானே, ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாமா?

கடைவாய்

அம்மா, உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்குவது நல்லது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பால் பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை அதில் வேகமாகப் பரவும், கடைவாய்ப் பால் பற்கள் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். நான் இங்கே சொல்லும் பொறுமையை அவனுக்குப் பொருத்திவிடாதீர்கள்.

மாடிவீடு

எனக்கு இதே நிலை வந்தபோது நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் மருத்துவரின் பட்டியலை நீட்டி, இதெல்லாம் தேவையா என்று இரண்டாமவரிடம் கேட்டேன். அவர் பட்டியலை வாசித்துக்கொண்டே வாயைப் பார்த்தார். பாதியை அடித்துவிட்டு, மீதியை நாளைக்கே தொடங்கலாம் என்றார். அவர் சுயமாகக் கண்டுபிடித்தவை எவை, பட்டியலைப் பார்த்துத் தலையாட்டியவை எவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேர்வழி

அதற்காகப் பட்டியலை மறைப்பதா? மருத்துவரிடம் மறைத்துப் பேசுவது அழகல்ல.

கடைவாய்

மறைக்க வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். இரண்டாவது கருத்துக்காக வந்திருக்கிறேன், இங்கே சிகிச்சை செய்துகொள்ளப் போவதில்லை, கருத்துக்கான கட்டணத்தை மட்டும் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரே படங்களைக் கொடுங்கள். பட்டியலைப் பையிலேயே வைத்திருங்கள். அவர் பல் எண்ணும் பரப்பும் குறித்து எழுதி முடித்த பிறகு பட்டியலைக் காட்டி, வேறுபடும் இடங்களுக்கு மட்டும் காரணம் கேளுங்கள். படங்களை மூலக் கோப்பாகவே முதல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். திரையைக் கைபேசியில் படம்பிடித்தால் நுண்ணிய நிழல்கள் போய்விடும்.

இன்னொன்று. குறைவாகச் சொல்பவரே நல்லவர் என்ற முடிவோடு போகாதீர்கள். ஒரே ஆண்டில் இத்தனை பற்களில் புதிதாகச் சொத்தை தோன்றுவது அரிது. வாய் உலர்ந்துபோகச் செய்யும் மருந்து ஏதாவது தொடங்கினீர்களா, நாள் முழுதும் இனிப்புப் பானம் பருகும் வழக்கம் வந்ததா? இரண்டும் இல்லையென்றால் புதியவர் அதிகமாகச் சொல்கிறார், அல்லது பழையவர் எதையோ தவறவிட்டார். இரண்டும் நடப்பதுதான்.

தாழம்பூ

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புதிய மருந்தும் இல்லை, பானமும் இல்லை. பல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைக்குச் சென்று, நீங்கள் சொன்ன வரிசையிலேயே நடந்துகொண்டேன். பைட்விங் இரண்டு, 26க்கும் 36க்கும் தனிப்படம் ஒவ்வொன்று எடுத்தார்கள்.

15இல் எதுவும் இல்லை; முதல் படத்தில் தெரிந்தது 14இன் ஓரம் அதன்மேல் விழுந்த நிழல் என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். 14, 24 இரண்டிலும் நிழல் எனாமலுக்குள்ளேயே நிற்கிறது. 17, 27 வெறும் கறை. 37ஐ உலர்த்தி, கையில் கண்ணாடி கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார்கள். பழுப்புக் கோட்டுக்கு இருபுறமும் பால் நிறத்துக்கு அடியில் மை சிந்தியதுபோல் சாம்பல் படர்ந்திருந்தது. அதை அடைக்க வேண்டும். 34 நான் அழுத்தித் தேய்ப்பதால் வந்த தேய்மானம், கூச்சம் இல்லாததால் பிரஷை மாற்றி, தேய்க்கும் விதத்தையும் திருத்தினால் இப்போதைக்குப் போதும். 46இன் அடைப்பில் ஓரம் கறுத்திருக்கிறதே தவிர இடைவெளி இல்லை.

26 குளிருக்குச் சட்டென்று கூசி, எடுத்தவுடன் நின்றது. தட்டினால் வலி இல்லை, வேர் நுனியும் படத்தில் சுத்தமாக இருந்தது. வேர் சிகிச்சைக்குக் காரணம் இல்லை என்றார்கள். 36தான் என்னைத் திடுக்கிட வைத்தது. குளிர் பஞ்சை வைத்தார்கள். எனக்கு எதுவுமே தெரியவில்லை. நல்ல பல் என்று நினைத்துச் சிரித்தேன். தனிப்படத்தில் வேரின் நுனியைச் சுற்றி வட்டமான கறுப்பு இருந்தது. நரம்பு எப்போதோ செத்துவிட்டதாம். முதல் மருத்துவர் இதில் சரியாகவே சொல்லியிருக்கிறார்; சென்ற ஆண்டு ஒன்றுமில்லை என்றவர் தவறவிட்டிருக்கிறார்.

குழப்பம் 25இல். நிழல் டென்டினின் ஓரத்தைத் தொடுகிறது. அங்கிருந்த இருவரில் ஒருவர் அடைக்கலாம் என்றார், மற்றவர் காத்திருக்கலாம் என்றார்.

நேர்வழி

36 விஷயத்தில் என் கொள்கையை நீங்கள் பின்பற்றாதது நல்லதாயிற்று. ஆனாலும் 11 என்று சொன்ன இடத்தில் உறுதியானவை இரண்டு மட்டுமே என்றால், முதல் மருத்துவரைப் பற்றி என்ன நினைப்பது?

கடைவாய்

பைட்விங் இல்லாமல் இடைச்சொத்தை எழுதியதும், சோதிக்காமல் 26ஐச் சேர்த்ததும் குறைதான். அது பேராசையா அவசரமா என்று இங்கிருந்து எனக்குச் சொல்ல இயலாது.

25க்கு ஒரு வழி உண்டு. படம் நிழலின் ஆழத்தைக் காட்டும், ஆனால் பல்லின் பரப்பு உடைந்து குழி விழுந்திருக்கிறதா என்பதை உறுதியாகக் காட்டாது. முடிவு அதில்தான் இருக்கிறது. பரப்பு முழுதாக இருந்தால் சுத்தமும் ஃபுளோரைடும் அதை நிறுத்தக்கூடும், குழி விழுந்திருந்தால் அழுக்கு உள்ளே தங்கிவிடும். கம்பி போடுவதற்குமுன் பற்களைப் பிரிக்க வைக்கும் சிறிய ரப்பர் வளையத்தை 24க்கும் 25க்கும் இடையிலோ, சொத்தை பின்பக்கமாக இருந்தால் 25க்கும் 26க்கும் இடையிலோ இரண்டு மூன்று நாள் வைத்தால், நேரில் பார்க்கும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். கடிக்கும்போது கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். எல்லா மருத்துவர்களும் இதைச் செய்வதில்லை, கேட்டுப் பாருங்கள்.

36ஐ மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் முன்பதிவு நாள்வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

தாழம்பூ

36க்கு வரும் வியாழக்கிழமை தொடங்குகிறார்கள். வளையம் வைக்க முடியுமா என்று அன்றைக்கே கேட்கிறேன். சொத்தை 25இன் பின்பக்கம்தான், 26ஐ ஒட்டி.

மாடிவீடு

அப்படியானால் இடைவெளி கிடைத்ததும் 26இன் முன்பக்கத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பற்கள் தொடும் இடத்தில் ஒன்று மட்டும் கெட்டிருக்கிறதா என்று எனக்கு அப்போது யாரும் பார்க்கவில்லை.